ஓவர்ஃபிட்டிங்கை லாஸ் கோடுகளில் கண்டுபிடிப்பது எப்படி: வாழைக்குலைப் படங்களோடு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து காட்டும் வரைபடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிரெயினிங் லாஸைக் காட்டும் நீலக்கோடு தரையைத் தொடுகிறது, பழக்காமல் ஒதுக்கிய படங்களின் வேலிடேஷன் லாஸைக் காட்டும் ஆரஞ்சுக்கோடு பாதியில் நின்று மேலே திரும்புகிறது. "இது ஓவர்ஃபிட்டிங்தானா? எந்த எபோக்கில் நிறுத்தணும்? அக்யூரசி ஏறிக்கொண்டுதானே இருக்கு?" இந்த மூன்று கேள்விக்கும் விடை தேடி நான் நிறைய அலைந்தேன். ஓவர்ஃபிட்டிங் என்றால் மாடல் பழக்கிய படங்களை மனப்பாடம் செய்துவிட்டு, புதிய படத்தில் தடுமாறுவது. கோடுகளைத் தப்பாகப் படிக்க வைக்கும் காரணங்களில் பாதி, கோடு வரைவதற்கு முன்பே டேட்டாவில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது. மட்டி, ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன் என்று ஆறு வாழை ரகங்கள். குலையின் படத்தைக் காட்டினால் ரகத்தைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டிலும் வடசேரிச் சந்தையிலும் 210 குலைகள், மார்த்தாண்டம் சந்தையில் 30 குலைகள். ஒரு குலைக்கு எட்டுப் படம் வீதம் மொத்தம் 1,920 படங்கள். ஏற்கெனவே பழக்கப்பட்ட MobileNetV2-வை எடுத்து, அதன் மேலடுக்குகளை மட்டும் இந்தப் படங்களில் மறுபடி பழக்கினோம்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு, நேரம்

முதல் ஆவணம் ஒரு விரிதாள். அதில் படத்தின் பெயர், ரகம், குலை எண், கடை, எடுத்த தேதி ஆகிய ஐந்து நெடுவரிசை போதும். குலை எண்ணும் கடையும் ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். படம் எடுக்கும்போதே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஆயிரம் படத்தைப் பார்த்து எது எந்தக் குலை என்று பிரிப்பது நடக்காத காரியம்.

இரண்டாவது ஆவணம், ஒவ்வொரு எபோக் முடிவிலும் லாஸ் எழுதப்படும் ஒரு கோப்பு. கேராஸில் `CSVLogger("log.csv", append=True)` என்று ஒரு வரி சேர்த்தால் அது தானாக எழுதும். கோப்பு டிரைவில் சேமிக்கப்பட வேண்டும், ஆகவே பெயருக்கு முன்னால் உங்கள் டிரைவ் பாதையையும் சேருங்கள். மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இலவச கோலாப் இணைப்பு அறுந்தால் திரையில் இருந்ததெல்லாம் போய்விடும். ஒரு விஷயம் கவனியுங்கள்: திரையில் எபோக் 1 என்று காட்டுவதை இந்தக் கோப்பு 0 என்று எழுதும். இரண்டையும் கலந்து பேசினால் சிறந்த எபோக் ஒன்று தள்ளிப்போகும். இந்தக் கட்டுரையில் திரையில் வரும் எண்ணையே சொல்கிறேன்.

செலவு என்றால் மொபைல் டேட்டாதான். படம் ஒன்று 3 எம்.பி. என்றால் 1,920 படம் கிட்டத்தட்ட 6 ஜி.பி. ஆகும். ஏற்றும் முன்பே உங்கள் கணினியில் 256 பிக்சலுக்குச் சுருக்குங்கள். மொத்தமும் 50 எம்.பி. சொச்சத்தில் அடங்கிவிடும், பழக்குவதும் பல மடங்கு வேகமாகும். கோலாபில் கிடைக்கும் இலவச ஜிபியு இந்த அளவு வேலைக்குத் தாராளம். 30 எபோக் ஓட ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும்.

2. படமாகப் பிரிக்காதீர்கள், குலையாகப் பிரியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். மார்த்தாண்டம் நீங்கலாக மீதமுள்ள 1,680 படங்களையும் கலைத்துப்போட்டு, ஐந்தில் ஒரு பங்கை வேலிடேஷனுக்கு எடுத்தால் என்ன ஆகும்? ஒரே குலையின் எட்டுப் படத்தில் ஆறு டிரெயினிங்கிலும் இரண்டு வேலிடேஷனிலும் விழும். அதே காம்பு, அதே கறை, பின்னால் அதே நீலத் தார்ப்பாய். ரகத்தைக் கற்றுக்கொள்ளாமல் அந்தக் குலையை மட்டும் மனப்பாடம் செய்த மாடலும் வேலிடேஷனில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அப்போது வேலிடேஷன் கோடு மேலே திரும்பவே திரும்பாது. ஓவர்ஃபிட்டிங் உள்ளே இருக்கும், வரைபடம் அதை மறைத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு விதமாகவும் பிரித்து ஓட்டினேன். படமாகப் பிரித்தபோது வேலிடேஷன் லாஸ் 0.09 வரை இறங்கியது, அக்யூரசி 0.98. குலையாகப் பிரித்தபோது லாஸ் 0.54-க்குக் கீழே போகவில்லை. படங்களும் மாடலும் மாறவில்லை, பிரித்த விதம் மட்டும்தான் மாறியது.

குலையாகப் பிரிக்க ஸைகிட்-லேர்னில் வழி இருக்கிறது. இதில் `df` என்பது விரிதாளின் மார்த்தாண்டம் நீங்கலான வரிகள், `kulai_id` என்பது குலை எண் நெடுவரிசை:

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit
gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=40, random_state=7)
train_idx, val_idx = next(gss.split(df, groups=df["kulai_id"]))
```

`test_size=40` என்றால் 40 படம் இல்லை, 40 குலை. டிரெயினிங்குக்கு 170 குலை (1,360 படம்), வேலிடேஷனுக்கு 40 குலை (320 படம்). மார்த்தாண்டத்து 30 குலைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவை கடைசியில் ஒரே ஒருமுறை திறக்க வேண்டிய டெஸ்ட் படங்கள்.

விரிதாளில் கடையையும் குறித்தோமே, அதையும் பாருங்கள். ஏதாவது ஒரு ரகம் ஒரே கடையிலிருந்து மட்டும் வந்திருந்தால், மாடல் ரகத்தை விட்டுவிட்டு அந்தக் கடையின் சுவரைக் கற்றுக்கொள்ளும். அப்படி இருந்தால் வேறு கடைக்குப் போய் அந்த ரகத்தைப் படம் எடுத்துச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

3. ஓட விடும் முன் ஒரு எண்ணைச் சரிபாருங்கள்

எதுவும் கற்காத மாடல் ஆறு ரகத்துக்கும் சமமான வாய்ப்புக் கொடுக்கும். அப்போது கிராஸ் என்ட்ரபி லாஸ் ln(6), அதாவது 1.79 வரும். பத்து ரகம் என்றால் 2.30. பழக்கத் தொடங்கும் முன் ஒருமுறை `model.evaluate` ஓட்டுங்கள். 1.8-இலிருந்து 2.2-க்குள் இருந்தால் சரி. 5, 6 என்று வந்தால் பெரும்பாலும் படங்களின் பிக்சல் மதிப்புகள் தவறான அளவில் உள்ளே போகின்றன. அதைச் சரி செய்யாமல் ஓட்டினால் அதற்கப்புறம் வரும் கோடுகளைப் படித்துப் பயனில்லை.

4. இரண்டு கோட்டையும் ஒரே படத்தில், மழுப்பாமல் வரையுங்கள்

```python
import pandas as pd
import matplotlib.pyplot as plt
log = pd.read_csv("log.csv")
plt.plot(log["epoch"] + 1, log["loss"], label="train")
plt.plot(log["epoch"] + 1, log["val_loss"], label="val")
plt.yscale("log"); plt.legend()
```

செங்குத்து அச்சை லாக் அளவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் எபோக்கில் 1.5, கடைசியில் 0.03 என்றால், சாதாரண அளவில் பின்பாதி முழுக்கத் தரையோடு ஒட்டிக்கிடக்கும். நமக்கு முக்கியமான திருப்பமோ அந்தப் பின்பாதியில்தான் நடக்கிறது.

டென்சர்போர்டில் பார்க்கிறவர்கள் இடது பக்கமோ வலது பக்கமோ இருக்கும் `Smoothing` பட்டையை 0-க்கு இழுத்துவிடுங்கள். அது ஆரம்பத்திலேயே 0.6-இல் நிற்கும். மழுப்பிய கோடு முந்தைய எபோக்குகளைச் சுமந்துகொண்டு வருவதால், வேலிடேஷன் அடிமட்டத்தைத் தொட்ட இடம் சில எபோக் தள்ளித் தெரியும்.

5. இப்போது கோடுகளைப் படியுங்கள்

குலையாகப் பிரித்து ஓட்டியபோது கிடைத்த எண்களில் சில:

```
epoch  loss   val_loss  val_accuracy
1      1.52   1.31      0.49
5      0.66   0.71      0.75
8      0.41   0.58      0.80
11     0.27   0.54      0.82
18     0.10   0.63      0.84
30     0.03   0.81      0.84
```

முதல் வரியைப் பார்த்ததும் சிலர் பயந்துவிடுகிறார்கள். வேலிடேஷன் லாஸ் டிரெயினிங் லாஸைவிடக் குறைவாக இருக்கிறதே! இதில் கோளாறு ஒன்றுமில்லை. டிரெயினிங் லாஸ் என்பது எபோக் நடக்க நடக்க எடுத்த சராசரி. ஒன்றும் தெரியாமல் இருந்த முதல் சில பேட்ச்களும் அதில் அடக்கம். வேலிடேஷனோ எபோக் முடிந்த பிறகு, தேறிய மாடலை வைத்து அளப்பது. டிராப்அவுட்டும் டிரெயினிங் சமயத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதுவும் டிரெயினிங் எண்ணைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். பைடார்ச்சில் எழுதுகிறவர்கள் வேலிடேஷனுக்கு முன் `model.eval()` போட வேண்டும். போடாவிட்டால் டிராப்அவுட் அங்கேயும் ஓடி, வேலிடேஷன் கோடு காரணமில்லாமல் துள்ளும்.

எபோக் 5-க்குள் கோடுகள் ஒன்றையொன்று தாண்டிவிடுகின்றன. 8-இல் இடைவெளி 0.17. இங்கேயே "ஓவர்ஃபிட்டிங் வந்துவிட்டது" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு, அது அவசரம். பார்த்த படத்தில் மாடல் கொஞ்சம் கூடுதலாகத் தேறுவது இயல்புதான். வேலிடேஷன் லாஸ் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் மாடல் பயனுள்ள ஒன்றை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் கவனிக்க வேண்டியது இடைவெளியை அல்ல, வேலிடேஷன் கோடு திரும்பும் இடத்தை. அது இங்கே எபோக் 11. அதற்கப்புறம் டிரெயினிங் 0.27-இலிருந்து 0.03-க்கு இறங்க, வேலிடேஷன் 0.54-இலிருந்து 0.81-க்கு ஏறுகிறது. ஓவர்ஃபிட்டிங் என்று உறுதியாகச் சொல்லத்தக்க பகுதி இதுதான்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோடும் 1.2 போன்ற உயரத்திலேயே தட்டையாக நின்றால் மாடல் போதுமான அளவு கற்கவில்லை. இரண்டும் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் லேர்னிங் ரேட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள்.

6. லாஸ் ஏறுகிறது, அக்யூரசியும் ஏறுகிறதே?

அட்டவணையில் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். 11-இல் 0.82, 30-இல் 0.84. லாஸ் மோசமாகும்போது அக்யூரசி எப்படிக் கூடும்? இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நாள் சிக்கிக்கிடந்தேன்.

அக்யூரசி சரியா தவறா என்று மட்டும் எண்ணும். லாஸ், சரியான விடைக்கு மாடல் எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தது என்று பார்க்கும். வேலிடேஷனில் இருந்த குலை எண் 117-ஐ எடுத்துக்கொள்வோம். லேபிள் ரசகதலி. மாடல் பேயன் என்றது. எபோக் 11-இல் ரசகதலிக்கு 0.30 வாய்ப்புக் கொடுத்தது, அந்தப் படத்தின் லாஸ் −ln(0.30), அதாவது 1.20. எபோக் 30-இல் அதே படத்துக்கு 0.01 தான் கொடுத்தது, லாஸ் 4.61. இரண்டு முறையும் விடை தவறுதான், ஆகவே அக்யூரசியில் ஒரு மாற்றமும் இல்லை. லாஸ் மட்டும் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. எட்டுப் படத்துக்கும் இதேதான் நடந்தது. 8 × 3.41-ஐ 320-ஆல் வகுத்தால் 0.085. மொத்த ஏற்றமான 0.27-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு குலையே ஏற்றியிருக்கிறது.

ஆக, திருப்பத்துக்கு அப்புறம் மாடல் தவறுகளை அதிகமாகச் செய்யவில்லை, தவறானதைக் கூடுதல் உறுதியோடு சொல்கிறது. வெறும் ரகப்பெயர் மட்டும் போதும் என்றால் அக்யூரசியைப் பார்த்துச் சமாதானம் ஆகலாம். "90 சதவீதம் உறுதி" என்று திரையில் காட்டப்போகிறீர்கள் என்றால் அந்த உறுதி பொய்யாக இருக்கும், லாஸ் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அக்யூரசி ஏறியதையும் ரொம்ப நம்ப வேண்டாம். 0.82 என்பது 263 படம், 0.84 என்பது 269 படம். வித்தியாசம் ஆறு. ஒரு குலைக்கே எட்டுப் படம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு குலை பக்கம் மாறினால் அக்யூரசி 2.5 சதவீதம் ஆடும். உங்கள் வேலிடேஷனில் இருப்பது பெயருக்கு 320 படம், உண்மையில் 40 குலை. 1 சதவீதம், 2 சதவீத வித்தியாசத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

7. லாஸ் அதிகமான படங்களைச் சந்தைக்கு எடுத்துப்போங்கள்

வேலிடேஷன் படங்களை லாஸ் வரிசையில் அடுக்கி, மேலே வரும் முப்பதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு குலையையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 117-ஐப் பார்த்ததும் மார்க்கெட்டில் குலை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி சொன்னார்: "இது ரசகதலி இல்ல மக்களே, பேயன். காயோட பருமனப் பாரு." லேபிள் தவறு, மாடல் சரி!

லேபிளைத் திருத்தியதும் எபோக் 11-இன் வேலிடேஷன் லாஸ் 0.52 ஆனது, எபோக் 30-இனுடையது 0.70. ஏற்றம் 0.27-இலிருந்து 0.18 ஆகக் குறைந்ததே தவிரப் போகவில்லை. ஓவர்ஃபிட்டிங் இருந்தது உண்மை, கோடு அதைப் பெரிதுபடுத்திக் காட்டியதும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. மாடல் தவறிய படங்களின் லேபிளை மட்டும் சரிபார்த்தால், திருத்தம் எல்லாம் மாடலுக்குச் சாதகமாகவே விழும். மாடல் சரியாகச் சொன்ன படத்திலும் தவறான லேபிள் இருக்கலாம் அல்லவா? 40 குலைதானே, எல்லாவற்றையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு காலை நேரம் போதும்.

8. எங்கே நிறுத்துவது, எதை மாற்றுவது

நிறுத்துவதற்கு:

```python
EarlyStopping(monitor="val_loss", patience=5,
              restore_best_weights=True)
```

கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், 11-இல் அடிமட்டம் தொட்ட மாடல் 16-ஆம் எபோக்கில் நிற்கும். உங்கள் கையில் கிடைப்பதும் அந்த 16-ஆம் எபோக் மாடல்தான். `patience`-ஐ 1, 2 என்றும் வைக்க வேண்டாம். 40 குலை வேலிடேஷனில் கோடு ஓர் எபோக் தற்செயலாக ஏறி மறுபடி இறங்குவது சர்வசாதாரணம்.

அடுத்து, டேட்டா கூட்டினால் பலன் உண்டா என்று சந்தைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். டிரெயினிங் குலைகளில் பாதியை, அதாவது 85-ஐ மட்டும் வைத்து ஓட்டுங்கள். எங்களுக்கு மிகக் குறைந்த வேலிடேஷன் லாஸ் 0.68 வந்தது, 170 குலையில் 0.52. இவ்வளவு இறங்குகிறது என்றால் இன்னும் குலை சேர்ப்பது வீண் போகாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்திருந்தால், அலைந்து படம் எடுப்பதை விட்டு வேறு இடத்தில் கை வைக்க வேண்டும். அதே குலைக்கு எட்டுக்குப் பதில் பதினாறு படம் எடுப்பது டேட்டா கூட்டுவது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படங்களைத் திருப்பி, வெட்டி, வெளிச்சம் மாற்றிப் பழக்கும் ஆக்மென்டேஷன் நல்ல பலன் தரும். ஆனால் நிறத்தை மாற்றும் வகையை இங்கே போடக் கூடாது. செந்துளுவனுக்கு அடையாளமே அதன் சிவப்புத்தான். நிறத்தைக் குலுக்கிவிட்டால் பாளையங்கோட்டானைச் செந்துளுவன் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். நிறத்தைத் தொடாமல் மற்றதை மட்டும் போட்டு ஓட்டியபோது, எபோக் 19-இல் டிரெயினிங் 0.34, வேலிடேஷன் 0.45. டிரெயினிங் லாஸ் முன்பைவிட உயரத்தில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். மனப்பாடம் கடினமாகியிருக்கிறது, புதிய குலையில் விடை தேறியிருக்கிறது; நாம் கேட்டது அதைத்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் தனி லாக் கோப்பு, பெயரிலேயே என்ன மாற்றம் என்று தெரிய வேண்டும். ஆக்மென்டேஷன், டிராப்அவுட், லேர்னிங் ரேட் மூன்றையும் சேர்த்து மாற்றினால், கோடு இறங்கியது எதனால் என்று வைவாவில் கேட்கும்போது பதில் இருக்காது.

9. கடைசியாக, டெஸ்ட் படங்கள்

எபோக்கைத் தேர்ந்தெடுத்தது, ஆக்மென்டேஷனைத் தேர்ந்தெடுத்தது எல்லாமே அந்த 40 குலைகளைப் பார்த்துத்தான். ஆகவே வேலிடேஷன் எண் இப்போது கொஞ்சம் நல்லபடியாகவே பேசும். எல்லா முடிவும் எடுத்து முடித்த பிறகு மார்த்தாண்டத்து 30 குலைகளைத் திறந்து ஒரே ஒருமுறை அளவிடுங்கள். எங்களுக்கு வேலிடேஷனில் 0.87 அக்யூரசி, மார்த்தாண்டத்தில் 0.81. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி மாடலைத் திருத்த உட்கார்ந்தால் அவையும் வேலிடேஷன் படங்களாகிவிடும். அப்புறம் டெஸ்டுக்குக் குழித்துறை, தக்கலை என்று புதிதாக ஒரு சந்தை தேட வேண்டியதுதான்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்ணையும் போடுங்கள். கூடவே மழுப்பாத வரைபடம், தேர்ந்தெடுத்த எபோக்கில் ஒரு செங்குத்துக் கோடு, குலையாகப் பிரித்தது என்ற ஒரு வரி, ஒவ்வொரு பங்கிலும் எத்தனை குலை, எத்தனை கடை என்ற கணக்கு. படங்களின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.